காலியாக இருக்கும் மூன்று வீடுகள்

1879 டிசம்பர் 30, நள்ளிரவு தாண்டி ஒரு மணி. திருவாதிரை முடிந்து புனர்பூசம் நடக்கிறது. திருச்சுழியில் ஆருத்ரா தரிசன ஊர்வலம் முடிந்து சுவாமி கோயிலுக்குத் திரும்புகிற வேளை. அப்போது சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் இரண்டாவது மகன் பிறந்தான். வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது.

அந்த நேரத்துக்குக் கணித்த ஜாதகம் ஜோதிடர்களிடையே நன்றாகத் தெரிந்த ஒன்று. துலா லக்னம். இரண்டாமிடமான விருச்சிகத்தில் புதனும் சுக்கிரனும். மூன்றில், தனுசில், சூரியனும் ராகுவும். ஐந்தில், கும்பத்தில், குரு. ஆறில், மீனத்தில், சனி. ஏழில், மேஷத்தில், செவ்வாய் ஆட்சி. ஒன்பதில், மிதுனத்தில், சந்திரனும் கேதுவும். அவ்வளவுதான் கட்டம்.

ஜோதிடத்தில் மோட்சத்துக்கு உரிய வீடுகள் நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று புத்தகத்தில் படித்துவிட்டு, அந்தச் சூட்டோடு இந்தக் கட்டத்தைப் பார்ப்பவர் திகைத்துப் போவார். துலா லக்னத்துக்கு நான்காமிடம் மகரம், எட்டாமிடம் ரிஷபம், பன்னிரண்டாமிடம் கன்னி. மூன்றும் காலி. ஒரு கிரகம்கூட இல்லை. இந்த நூற்றாண்டின் பக்கத்தில் வாழ்ந்த ஞானியின் ஜாதகத்தில் மோட்ச வீடுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த வெறுமையை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால், மோட்ச திரிகோணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

பன்னிரண்டு வீடுகளையும் அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கு பங்காகப் பிரிப்பது பழைய முறை. ஒன்று, ஐந்து, ஒன்பது அறத்துக்கு. இரண்டு, ஆறு, பத்து பொருளுக்கு. மூன்று, ஏழு, பதினொன்று இன்பத்துக்கு. மீதமிருக்கும் நான்கு, எட்டு, பன்னிரண்டு மோட்சத்துக்கு. ஒவ்வொரு பங்கிலும் உள்ள மூன்று வீடுகள் ஒன்றுக்கொன்று ஐந்தாவதாகவும் ஒன்பதாவதாகவும் அமையும். அதனால்தான் அவற்றைத் திரிகோணம் என்கிறோம்.

ஆனால் ஜோதிடரிடம் போய் உட்காருகிறவர் காதில் இந்த மூன்று வீடுகளும் மோட்சம் என்ற பெயரோடு விழுவதே இல்லை. நான்கு என்றால் அம்மா, வீடு, நிலம், வண்டி, சுகம். எட்டு என்றால் ஆயுள், கண்டம், அவமானம், எதிர்பாராமல் வரும் முறிவு. பன்னிரண்டு என்றால் விரயம், தூக்கம், தூரதேசம், ஆஸ்பத்திரி. எட்டும் பன்னிரண்டும் மறைவு ஸ்தானங்கள் என்பதால் அவற்றைச் சொல்லும்போதே ஜோதிடரின் குரல் கொஞ்சம் தாழும். சுகமும் சாவும் செலவும் எப்படி ஒரே குடும்பமாயின?

என் புரிதலில், மூன்றும் ஒரே விஷயத்தின் மூன்று நிலைகள். மனிதன் எதில் இளைப்பாறுகிறானோ, எதை "என் இடம்" என்று உள்ளுக்குள் நினைக்கிறானோ, அது நான்கு. அந்த இடம் அசைக்கப்படுவது எட்டு. பிடியைத் தானாக விடுவது பன்னிரண்டு. பொருளாகப் பார்த்தால் எட்டும் பன்னிரண்டும் நஷ்டக் கணக்கு. உள்முகமாகப் பார்த்தால், நான்கில் பிடித்திருந்தது எட்டில் தளர்ந்து பன்னிரண்டில் விடுபடுகிறது. ஆகவே தனியாக ஒரு வீட்டை வைத்து ஆன்மிக வாழ்வைச் சொல்ல முடியாது. மூன்று வீடுகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும். அந்தப் பேச்சு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கிரகத்தைவிட, வீட்டுக்கு அதிபதியான கிரகத்தின் வழியாகத்தான் அதிகம் நடக்கும்.

இதை ரமணரின் கட்டத்திலேயே பார்ப்போம். மகரத்துக்கு அதிபதி சனி. ரிஷபத்துக்குச் சுக்கிரன். கன்னிக்குப் புதன். இந்த மூவரும் எங்கே இருக்கிறார்கள், எங்கே பார்க்கிறார்கள் என்பதே கேள்வி.

பார்வைக் கணக்கு சுலபமானது. எல்லாக் கிரகங்களும் தாம் இருக்கும் ராசியிலிருந்து எண்ணி ஏழாம் ராசியைப் பார்க்கும். செவ்வாய்க்குக் கூடுதலாக நான்கும் எட்டும், குருவுக்கு ஐந்தும் ஒன்பதும், சனிக்கு மூன்றும் பத்தும் உண்டு. எண்ணும்போது கிரகம் இருக்கும் ராசியையே ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

எட்டுக்கு உரிய சுக்கிரன் விருச்சிகத்தில் இருக்கிறார். அங்கிருந்து ஏழாம் ராசி ரிஷபம். தன் வீட்டையே நேராகப் பார்க்கிறார். பன்னிரண்டுக்கு உரிய புதனும் அதே விருச்சிகத்தில். அவர் பார்வையும் ரிஷபத்தில்தான் விழுகிறது. நான்குக்கு உரிய சனி மீனத்தில். மீனம், மேஷம், ரிஷபம் என்று எண்ணினால் அவருடைய மூன்றாம் பார்வை விழுவதும் ரிஷபத்தில். மூன்று மோட்ச வீடுகளின் அதிபதிகள் மூவரும் ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள். அந்த இடம் எட்டாமிடம், மரணத்தின் வீடு. அதோடு சனியின் ஏழாம் பார்வை கன்னியில், அதாவது பன்னிரண்டில் விழுகிறது. நான்குக்கு உரியவர் எட்டையும் பன்னிரண்டையும் ஒருசேரப் பார்க்கிறார்.

இன்னொன்றும் உண்டு. மேஷம், துலாம் என்ற இரண்டு லக்னங்களுக்கு மட்டும் லக்னாதிபதியே எட்டாம் அதிபதியாகவும் இருப்பார். துலாத்துக்கு அவர் சுக்கிரன். "நான்" என்று சொல்லும் லக்னத்துக்கும் மரணத்துக்கும் ஒரே கிரகம் பொறுப்பு. அந்தக் கிரகம் மரண வீட்டை நேர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

இப்போது வாழ்க்கைக்கு வருவோம். 1896 ஜூலை, மதுரை. சிற்றப்பா வீட்டு மாடி அறையில் பதினாறு வயதுப் பையன் தனியாக இருக்கிறான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. திடீரென்று "சாகப்போகிறேன்" என்ற பயம் வந்து பிடித்துக்கொள்கிறது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. தரையில் படுத்து, கைகால்களை விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கி, வாயை மூடிக்கொண்டு, பிணமாகக் கிடந்து பார்த்தான். இந்த உடம்பு செத்துவிட்டது, சுடுகாட்டுக்குக் கொண்டுபோவார்கள், சாம்பலாகும். அதோடு நானும் சாகிறேனா? இதை விசாரித்தபோது, உடம்பு சாக, சாகாத ஒன்று உள்ளே இருப்பது தனக்கு நேராகத் தெரிந்தது என்று அவரே பின்னாளில் விவரித்திருக்கிறார். ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். பிறகு 1950 ஏப்ரல் 14 வரை அந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை.

பக்தி, தீர்த்த யாத்திரை, குரு உபதேசம் என்று ஞானத்துக்கு எத்தனையோ வாசல்கள் உண்டு. இவருக்குத் திறந்த வாசல் மரண பயம். அந்தக் கட்டத்தில் மூன்று அதிபதிகளும் எட்டாமிடத்தைப் பார்ப்பதை இதோடு சேர்த்துப் படிக்கும்போது, மோட்ச வீடுகள் காலி என்று முதலில் சொன்னது எவ்வளவு அவசரமான வாக்கு என்று தெரியும்.

காலமும் பொருந்துகிறது. புனர்பூசத்தில் பிறந்தவர்களுக்கு முதலில் குரு திசை. ரமணருக்கு அதில் மீதி இருந்தது, எடுத்துக்கொள்ளும் அயனாம்சத்தைப் பொறுத்து, நான்கு முதல் ஆறு ஆண்டு. அடுத்து 19 ஆண்டு சனி திசை. எந்தக் கணக்கில் போட்டாலும் 1896 சனி திசைக்குள்தான் வருகிறது. நான்காம் அதிபதியாகி எட்டையும் பன்னிரண்டையும் பார்க்கும் அதே சனி. எந்தப் புத்தி என்று கேட்டால் அயனாம்சத்துக்கு அயனாம்சம் விடை மாறும். அதனால் புத்தியைச் சாட்சிக்கு அழைக்க எனக்கு விருப்பமில்லை.

நான்காமிடம் அம்மாவுக்கும் உரியது. மகனைத் தேடி வந்து வீட்டுக்கு அழைத்து, முடியாமல் திரும்பிப் போன அழகம்மாள், 1916 முதல் மகனோடு மலையிலேயே தங்கிவிட்டார். 1922-ல் காலமானார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதி அமைந்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது. தாயும் வீடும் ஒரே வீட்டுக் காரகங்கள் என்று ஜோதிடம் சொல்வதை நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் நின்றால் மனம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்தத் துறையில் அதிகமாகப் புழங்கும் ஒரு வாக்கை இங்கே எடுத்தாக வேண்டும். "பன்னிரண்டில் கேது இருந்தால் இதுவே கடைசிப் பிறவி." ஜாதகம் பார்க்கப் போன பலர் இதைக் கேட்டிருப்பார்கள். சிலருக்குப் பெருமை, சிலருக்கு உள்ளூரக் கலக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேது ஒரு ராசியில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இருக்கும். லக்னமோ ஒரு நாளில் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் சுமார் இரண்டு மணி நேரம் பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் பன்னிரண்டில் கேது இருக்கும். பிறப்பவர்களில் பன்னிரண்டில் ஒருவருக்கு இந்த அமைப்பு உண்டு. அத்தனை பேருக்கும் இது கடைசிப் பிறவியாக இருக்க முடியாது. பன்னிரண்டில் இருக்கும் கேது ஒரு நாட்டத்தைச் சொல்லலாம். பன்னிரண்டாம் அதிபதி எங்கே போனார், நான்கும் எட்டும் அவரோடு தொடர்பு கொள்கின்றனவா என்று பார்க்காதவரை அதற்கு மேல் ஒன்றும் சொல்லக் கூடாது. ரமணருக்குக் கேது பன்னிரண்டில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒரு பிழை உண்டு. அது மனிதர்களைப் புண்படுத்துகிறது. எட்டும் பன்னிரண்டும் பலமாக இயங்கும் ஜாதகத்தில் ஒருவர் ஒதுங்குகிறார், பேச்சைக் குறைக்கிறார், தூக்கம் கெடுகிறது, எதிலும் பிடிப்பு இல்லை என்கிறார். "ஞான யோகம், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கு இருப்பது மன நோயாக இருக்கலாம். கட்டத்தில் இதைப் பிரித்துப் பார்க்க ஜோதிடம் வைத்திருக்கும் இடம் நான்காமிடமும் சந்திரனும். எட்டு அசைக்கும்போது தாங்கிப் பிடிக்க நான்கு வேண்டும். நான்காம் அதிபதி பலமிழந்து, சந்திரன் தேய்ந்து, பாவக் கிரகங்களின் பிடியில் சுபப் பார்வை இல்லாமல் கிடந்தால், எட்டும் பன்னிரண்டும் தருவது பயமும் தனிமையும்தான். அந்த நிலையில் இருப்பவரை மருத்துவரிடம் அனுப்புவதே ஜோதிடர் செய்யக்கூடிய நல்ல பரிகாரம். கட்டம் நன்றாக இருந்தாலும், ஆள் உண்ணாமல் உறங்காமல் தவித்தால் கட்டத்தை மூடிவைத்துவிட்டு அதைத்தான் செய்ய வேண்டும்.

ரமணரின் ஜாதகத்திலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம். சந்திரனோடு கேது. எதிரே ராகுவோடு சூரியன். அவர் பிறப்பதற்கு முந்தைய பௌர்ணமியில், டிசம்பர் 28 அன்று, சந்திர கிரகணமே நடந்தது. மனத்துக்கு உரிய கிரகம் இப்படிச் சிக்கியிருப்பதைப் பார்த்ததும் பல ஜோதிடர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பௌர்ணமி கழிந்து ஒரு நாளே ஆன, ஒளி நிறைந்த சந்திரன் அது. கும்பத்தில் இருக்கும் குரு தன் ஐந்தாம் பார்வையால் அந்தச் சந்திரனைப் பார்க்கிறார். ஒன்பதாம் பார்வையால் லக்னத்தையும் பார்க்கிறார். மனத்தையும் ஆளையும் குரு ஒருசேரத் தாங்குகிறார். மோட்ச வீடுகள் இழுக்கும்போது அற வீடுகளான ஒன்று, ஐந்து, ஒன்பது மூன்றும் குருவின் கையில் இருக்கின்றன. குரு ஐந்தில் அமர்ந்து மற்ற இரண்டையும் பார்க்கிறார். இந்தத் துணை இல்லாமல் எட்டாமிடத்து இழுப்பு மட்டும் இருந்தால் நான் அந்த ஜாதகத்தைப் பற்றி வேறு விதமாகப் பேசுவேன்.

சந்நியாச யோகத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் துறவுக்கென்று தனி அத்தியாயம் வைத்திருக்கிறார். நான்கோ அதற்கு மேற்பட்டோ கிரகங்கள் பலத்தோடு ஒரே ராசியில் கூடுவது அதில் தலையாய விதி. ரமணரின் கட்டத்தில் எந்த ராசியிலும் இரண்டுக்கு மேல் இல்லை. அவரும் முறைப்படி தீட்சை பெற்று சந்நியாசம் வாங்கிக்கொண்டவர் அல்லர். ஆசிரமங்கள் நான்குக்கும் அப்பாற்பட்டவர் என்ற பொருளில் அவரை அதியாசிரமி என்று குறிப்பிட்டார்கள். காவி கட்டுவதைச் சொல்லும் விதி வேறு, உள்ளே திரும்புவதைச் சொல்லும் வீடுகள் வேறு. பிள்ளையின் ஜாதகத்தில் பன்னிரண்டு பலமாக இருக்கிறது என்பதற்காக, கல்யாணம் நடக்காதோ என்று பெற்றோர் பயப்படத் தேவையில்லை. குடும்பத்தோடு இருந்துகொண்டே உள்முகமாக வாழ்கிறவர்களுக்கும் இந்த மூன்று வீடுகள்தான் வேலை செய்கின்றன. கல்யாணத்துக்கு ஏழாமிடத்தையும் சுக்கிரனையும் பார்க்க வேண்டும்.

உங்கள் கட்டத்தை எடுத்துப் பார்க்க விரும்பினால், "ல" என்று போட்டிருக்கும் கட்டத்தை ஒன்று என்று வைத்து வலம் சுற்றாக எண்ணுங்கள். நான்கு, எட்டு, பன்னிரண்டில் வரும் ராசிகளின் அதிபதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூவரில் இருவராவது சேர்ந்திருக்கிறார்களா, ஒருவரையொருவர் பார்க்கிறார்களா, வீடு மாறிப் பரிவர்த்தனையில் இருக்கிறார்களா, மூவரும் ஒரே வீட்டைப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். இணைப்பு இருந்தால், நான்காமிடமும் சந்திரனும் அதைத் தாங்கும் நிலையில் உள்ளனவா என்று பாருங்கள். கடைசியாக அவர்களில் ஒருவருடைய திசை எந்த வயதில் வருகிறது என்பது. இணைப்பு இருந்தும் அந்தத் திசை வாழ்நாளில் வராமலே போகிற ஜாதகங்கள் நிறைய. கூட்டினால் ஒன்பது திசைகளுக்கும் 120 ஆண்டு ஆகிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, இந்த வாசிப்பின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். வாழ்க்கை முடிந்த பிறகு ஜாதகத்தைப் படிப்பது எளிது. எங்கே தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அதே இரவு, அதே வேளையில், மதுரைச் சீமையில் வேறு குழந்தைகளும் பிறந்திருக்கும். அவர்கள் கட்டமும் இதுவேதான். அவர்கள் எல்லோரும் மரணத்தைப் படுத்துப் பார்த்து எழுந்தவர்கள் இல்லை. கட்டம் ஒரு சாய்வைக் காட்டுகிறது என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டாவது எல்லை பிறந்த நேரம். ஒரு மணி என்று கொடுக்கப்பட்ட நேரத்துக்கு லாகிரி அயனாம்சப்படி கணித்தால் லக்னம் துலாத்தில் சுமார் ஒரு பாகையில் விழுகிறது. ராசிச் சந்தி. லக்னம் ஒரு பாகை நகர ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். அன்று கிராமத்து வீட்டில் பார்த்த நேரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் உண்மையில் அது கன்னி லக்னம். அப்போது மோட்ச வீடுகள் தனுசு, மேஷம், சிம்மம் என்று மாறிவிடும். நான்கில் சூரியனும் ராகுவும், எட்டில் ஆட்சி பெற்ற செவ்வாய். பன்னிரண்டுக்கு உரிய சூரியன் நான்கில் இருக்கிறார். நான்குக்கு உரிய குரு கும்பத்திலிருந்து ஏழாம் பார்வையால் சிம்மத்தை, பன்னிரண்டை, பார்க்கிறார். நான்கும் பன்னிரண்டும் இறுகப் பின்னிக்கொள்கின்றன. எட்டாம் அதிபதி மட்டும் தன் வீட்டில் தனியாக நிற்கிறார். உள்முக வாழ்வுக்கு அதுவும் வலுவான கட்டம்தான். ஆனால் மரண வீட்டில் மூன்று பார்வைகள் குவியும் அந்த அமைப்பு மறைந்துவிடும். மாடி அறையில் நடந்ததோடு அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது துலா லக்னம்தான். நேரத்தைத் திருத்தி லக்னத்தை நிர்ணயிப்பவர்கள் இப்படி நடந்த சம்பவத்தை வைத்தே பின்னோக்கி வருவார்கள்.

உங்கள் ஜாதகத்தில் லக்னப் பாகையைப் பாருங்கள். அது ஒரு ராசியின் முதல் இரண்டு பாகைக்குள்ளோ கடைசி இரண்டு பாகைக்குள்ளோ இருந்தால், இரண்டு லக்னத்துக்கும் கட்டம் போட்டு, வாழ்க்கையில் ஏற்கனவே நடந்து முடிந்த இரண்டு மூன்று பெரிய சம்பவங்களோடு ஒப்பிட்ட பிறகே நான்கு, எட்டு, பன்னிரண்டைத் தொட வேண்டும்.